கிரைபக் தீர்ப்புக்கு 1,500 சொல்லில் ஒரு கருத்துரை

நிர்வாகச் சட்ட வகுப்புக்காக நான் எழுதிய முதல் தீர்ப்புக் கருத்துரை திரும்பி வந்தபோது, ஆசிரியர் ஓரத்தில் ஒரே கேள்விதான் எழுதியிருந்தார்: "இதில் உன் வாதம் எங்கே?" எண்ணிப் பார்த்தேன். வரம்பு 1,500 சொல். அதில் 700க்கு மேல் வழக்கின் கதையே ஓடியிருந்தது. அலசல் 250 சொல்கூட இல்லை.

எடுத்துக்கொண்ட வழக்கு 1969இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஏ.கே. கிரைபக் வழக்கு. இந்திய வனப் பணிக்கு ஜம்மு காஷ்மீர் அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்த குழுவில், பொறுப்பு தலைமை வனப் பாதுகாவலரும் ஓர் உறுப்பினர். அவரே ஒரு வேட்பாளரும்கூட. தன் பெயர் வந்தபோது அவர் விலகியிருந்தார். போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது உட்கார்ந்திருந்தார். தேர்வு ரத்தானது.

இரண்டாம் முறை எழுதும்போது அலசலிலிருந்து தொடங்கினேன். ஒரே கேள்வி: தன் பெயருக்கு மட்டும் விலகினால் போதாதா? போதாது என்றது நீதிமன்றம். போட்டியாளரை மதிப்பிடும்போதே அவர் தன் இடத்தையும் தீர்மானிக்கிறார். குழு பரிந்துரை மட்டுமே செய்தது, இறுதிப் பரிந்துரை மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்துடையது என்ற வாதமும் நிற்கவில்லை. குழுவின் பரிந்துரைதான் அதற்கு அடித்தளம். இதற்கு 600 சொல் ஒதுக்கினேன்.

அப்புறம்தான் உண்மைகளுக்குப் போனேன். அலசலில் திரும்ப வராத விவரம் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. பணி விதிகளின் வரலாறு போனது. அந்த அதிகாரிக்குப் பதவி உயர்வு தரப்பட்டபோது பின்தள்ளப்பட்ட ஒருவரின் முறையீடு அப்போது நிலுவையில் இருந்தது என்பது தங்கியது. ஒருதலைச் சார்புக்கு அதுதானே வலு. 200 சொல்லில் முடிந்தது. முன்னுரைக்கு 150, முந்தைய சட்ட நிலைக்கு 150, நீதிமன்றத்தின் காரணங்களுக்கு 300, முடிவுரைக்கு 100.

சிரமப்பட்டது காரணங்களுக்கும் அலசலுக்கும் நடுவே கோடு போடுவதில்தான். நிர்வாக அதிகாரத்துக்கும், நீதிமன்றம் போல முடிவெடுக்கும் அரை நீதிசார் அதிகாரத்துக்கும் இடையிலான கோடு மெலிந்து மறைந்து வருகிறது என்ற வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நானும் முதல் வரைவில் அதையே வியந்து எழுதியிருந்தேன். அது நீதிமன்றம் சொன்னது, என் கருத்து அல்ல. "நீதிமன்றம் கூறியது" என்று தொடங்கும் வாக்கியங்களைப் பென்சிலால் கோடிட்டேன். அலசல் பகுதியில் பாதி அப்படித்தான் இருந்தது! அவற்றைக் காரணங்கள் பகுதிக்கு நகர்த்தினேன்.

அந்த இடத்தில் என் எதிர்வாதம் வந்தது. நியாயமான நடைமுறைக்கான அடிப்படை விதிகளான இயற்கை நீதியில் எந்த விதி பொருந்தும் என்பது வழக்கின் சூழலைப் பொறுத்தது என்கிறது தீர்ப்பு. சரி, ஆனால் நாளை குழுவில் உட்காரப்போகும் அதிகாரி எப்போது முழுவதுமாக விலக வேண்டும் என்பதை அதிலிருந்து அறிய முடியாது. முடிவுரையின் 100 சொல்லில் ஒரு விதியை முன்வைத்தேன்: தான் போட்டியிடும் பட்டியலைத் தயாரிக்கும் குழுவில் ஒருவர் உறுப்பினராகவே இருக்கக் கூடாது.