முதல் பிறந்தநாளுக்கு மூன்று வரி: ஒரு ஹைக்கூ வாழ்த்தை எழுதி, அடித்து, திருத்திய குறிப்பு

எடுத்துக்கொண்ட வேலை இது: ஒரு வயது நிறையும் பெண் குழந்தைக்கு வாழ்த்து அட்டையில் எழுத மூன்று வரி. ஹைக்கூவின் இறுக்கம் வேண்டும், படிமம் நம் வீட்டுப் பொருளாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வரைவையும் அது ஏன் தள்ளப்பட்டது என்ற காரணத்தோடு கீழே வரிசையாக வைத்திருக்கிறோம். முடிந்த கவிதையை மட்டும் பார்த்தால் வேலை எங்கே நடந்தது என்று தெரியாது.

கை முதலில் எழுதுவது எப்போதும் இதைத்தான்:

ஒரு வயது நிலவே
உன் சிரிப்பில் பூக்கும் பூக்கள்
வாழ்க பல்லாண்டு

இதில் மூன்று வரி இருக்கிறது, ஹைக்கூ இல்லை. நிலவு, சிரிப்பு, பூ என்று மூன்று படிமங்கள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. விளியும் வாழ்த்தும் வெளிப்படையாக நிற்பதால் படிப்பவருக்குக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சவில்லை. சோதிப்பது எளிது. 'ஒரு வயது' என்பதை 'நாற்பது வயது' என்று மாற்றிப் படியுங்கள். மனைவிக்குக் கொடுத்தாலும் பொருந்தினால் அந்த வரைவு யாருக்காகவும் எழுதப்பட்டதல்ல.

வாழ்த்துச் சொல்லை எடுத்துவிட்டால் வாழ்த்து எங்கே போகும் என்று கேட்கலாம். அட்டையே பிறந்தநாள் அட்டைதான். மேலே பெயரும் 'முதல் பிறந்தநாள்' என்ற குறிப்பும் இருக்கப் போகின்றன, கீழே 'அன்புடன் அத்தை, மாமா' என்று வரப்போகிறது. ஜப்பானியக் கவிஞர்களும் கவிதைக்கு முன்னால் சந்தர்ப்பத்தைச் சொல்லும் சிறு குறிப்பு எழுதும் வழக்கம் உடையவர்கள்தான். ஹைக்கூவுக்கு முன்னோடியான ஹொக்கு, தொடர் பாட்டின் முதல் பாட்டாக, அழைத்தவருக்கு வணக்கம் சொல்லும் வேலையையும் செய்தது. அந்தப் பருவத்துப் பொருள் ஒன்றைக் காட்டியே வணங்கியது. ஆகவே சந்தர்ப்பத்தைக் குறிப்பிலே வைத்துவிட்டு மூன்று வரியையும் படிமத்துக்கே கொடுக்கலாம். 'இன்று பிறந்தநாள்' என்று ஒரு வரியைச் செலவழிப்பது, பந்தியில் உட்கார்ந்தவரிடம் 'இது சாப்பாடு' என்று சொல்வது போல.

அடுத்து, பொருள்களின் பட்டியல். ஒரு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் கண்ணில் படுபவை: தூளி, கிலுகிலுப்பை, நடைவண்டி, அரைஞாண், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, மொட்டைத் தலையில் சந்தனம். இந்தப் பட்டியலில் உணர்ச்சிச் சொல் எதையும் சேர்க்கக் கூடாது. மகிழ்ச்சி, பாசம், வரம் போன்றவை பொருள்கள் அல்ல. கையால் தொட முடிவதை மட்டும் எழுதவும். முதலில் தூளியை எடுத்துப் பார்த்தோம்.

காலித் தூளி
இன்னும் அசைகிறது
ஓராண்டு நிறைவு

சொல்ல நினைத்தது, குழந்தை தூளியிலிருந்து இறங்கி ஓடிவிட்டது என்பதை. கவிதை சொல்வதோ வேறு. காலித் தூளி தமிழில் இழவின் படிமம். 'ஓராண்டு நிறைவு' அதன் கீழே வந்தால் நினைவஞ்சலி ஆகிவிடுகிறது. ஹைக்கூ பாணியில் பிறந்தநாள் எழுதுபவர்கள் அதிகம் விழும் பள்ளம் இதுதான். ஜப்பானியக் கவிதையில் உதிரும் செர்ரிப்பூ அழகின் உச்சம். அதைப் பார்த்து 'உதிர்ந்த பூ' என்று இங்கே பிறந்தநாள் அட்டையில் எழுதினால் வீட்டுப் பெரியவர்கள் முகம் மாறும். அணையும் விளக்கு, அந்தி, பழுத்த இலை, வெறும் கூடு எல்லாம் இதே வகை. எண்பது வயதுக்காரருக்குப் பழுத்த இலை என்றால் இன்னும் மோசம். நம் பாட்டியல் நூல்கள் பாடலுக்குச் சொல்லும் பத்துப் பொருத்தங்களில் மங்கலத்தை முதலில் வைக்கின்றன. எழுத்துப் பொருத்தம், நாள் பொருத்தம் எல்லாம் இன்று யாரும் பார்ப்பதில்லை. ஆனால் வாழ்த்துப் பாட்டில் மங்கலப் பொருத்தம் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. வரைவை ஒரு முறை தலைப்புக் குறிப்பு இல்லாமல் வேறொருவரிடம் காட்டி, இது எந்த நாளுக்கு என்று கேட்டுவிட்டால் தெரிந்துவிடும்.

தூளியை விட்டு நடைவண்டிக்கு வந்தோம். ஒரு வயதுக்கே உரிய பொருள். மற்ற எந்தப் பிறந்தநாளுக்கும் இது வராது.

நடைவண்டியை விட்டுவிட்டுத்
தானே நடக்கிறாள் பாப்பா
எத்தனை அழகு

இது ஒரே வாக்கியத்தை மூன்றாக ஒடித்தது. வரிகளைச் சேர்த்து எழுதினால் உரைநடையாகவே படிக்க முடிகிறது, எதுவும் குறையவில்லை. குறையாவிட்டால் வெட்டு இல்லை என்று பொருள். 'எத்தனை அழகு' என்பது படிப்பவர் சொல்ல வேண்டியது, நாமே சொல்லிவிட்டோம்.

வெட்டு பற்றிக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜப்பானிய மொழியில் ஓட்டத்தை நிறுத்துவதற்கென்றே அசைச்சொற்கள் உண்டு. தமிழில் அந்த வேலையை வேற்றுமை உருபு ஏற்காத பெயர்ச்சொல் செய்கிறது. வரி பெயரில் முடிந்து, அதன்பின் உருபோ வினையோ வராவிட்டால் வாசிப்பு தானாக நிற்கும். 'வாசலில்' என்றால் அடுத்த வரியை இழுக்கும். 'வாசல்' என்றால் நிற்கும். எச்சங்கள் எல்லாம் பசை: நடந்து, தாண்டி, விட்ட, போன. ஒரு வரி பெயரில் நிற்க, மற்றொன்று எச்சத்தில் ஒட்ட, கடைசி வரி திரும்பவும் பெயரில் முடிந்தால் ஓட்டம் சரியாக அமைகிறது. மூன்று வரியும் உருபில்லாப் பெயரில் முடிந்தால் மூன்று தனிப் படங்களாகிவிடும். மூன்றும் எச்சத்தில் ஓடினால் மேலே பார்த்த ஒடிந்த வாக்கியம்தான்.

அதை வைத்து அடுத்த வரைவு:

முற்றத்து மணல்
நடைவண்டித் தடம் முடியும் இடத்தில்
பிஞ்சுப் பாதம்

இங்கே குழந்தை மறைந்து தடம் மட்டும் நிற்கிறது. அது நல்ல திருப்பம்: பார்ப்பவர்தான் குழந்தையைக் கொண்டுவர வேண்டும். ஆனால் குறைகள் மூன்று. 'பிஞ்சு' தேய்ந்த அடை. குழந்தைக் கவிதை எதிலும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நடைவண்டி என்றதுமே பாதம் சிறியது என்று தெரியும், அடையே வேண்டாம். 'முடியும்' என்ற சொல் மங்கலத்தில் உறுத்துகிறது. நடுவரியும் மிக நீளம்.

நீளத்தை எப்படி அளப்பது? 5-7-5 என்ற கணக்கு ஜப்பானிய ஒலி அலகுக்கானது. அங்கே நெடில் இரண்டாக எண்ணப்படும், தனித்து நிற்கும் மூக்கொலியும் ஒன்றாக எண்ணப்படும். தமிழில் எழுத்தை அப்படியே 17 என்று அடைத்தால் செயற்கையாகத்தான் வரும். பெரும்பாலான தமிழ் ஹைக்கூக்கள் அதைப் பின்பற்றுவதில்லை. நாம் கைக்கொள்வது, ஒற்றை நீக்கி எழுத்தை எண்ணி, நடுவரி சற்று நீண்டும் மூன்றும் சேர்ந்து இருபதைச் சுற்றியும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. மேலுள்ள நடுவரி ஒற்று நீக்கி 12 எழுத்து. 'முடியும் இடத்தில்' என்ற இரண்டு சொல்லுக்கு ஒரு சொல் கிடைத்தால் நீளம், மங்கலம் இரண்டும் சரியாகும். 'தாண்டி' அதைச் செய்தது. தடம் முடிகிறது என்பதற்குப் பதில் குழந்தை அதைக் கடந்துவிட்டது என்றாகிறது; வாழ்த்தும் அந்தச் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

'முற்றத்து மணல்' இடத்தைச் சொல்கிறது, நேரத்தைச் சொல்லவில்லை. உலர்ந்த மணலில் தடமும் சரியாகப் பதியாது. 'தெளித்த வாசல்' என்றால் ஈரம், காலை, நல்ல நாள் மூன்றும் இரண்டு சொல்லில் வந்துவிடும். தெளித்தது நீர் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கடைசி வரிக்கு 'ஐந்து சிறு விரல்கள்' என்று வைத்துப் பார்த்ததில் அது கையா காலா என்ற குழப்பம் வந்தது. தவழும் குழந்தையின் கைத்தடமும் ஐந்து விரல்தான். எண்ணிக்கை இருக்கட்டும், விரலை விட்டு அடியை எண்ணலாம் என்று முடிவானது:

தெளித்த வாசல்
நடைவண்டித் தடம் தாண்டி
இரண்டு காலடி

ஒற்று நீக்கி 5, 8, 6. முதல் வரி பெயரில் வெட்டு, இரண்டாவது எச்சத்தில் ஒட்டு, மூன்றாவது பெயர். 'இரண்டு' என்பதுதான் கவிதையைத் தூக்குகிறது. 'பல காலடி' என்றால் நடக்கத் தெரிந்த குழந்தை. 'ஒரு காலடி' என்றால் இன்னும் நடை இல்லை. இரண்டு என்றால் முதல் நடை, அதன்பின் விழுந்தாளா, யாராவது தூக்கிக்கொண்டார்களா என்பது படிப்பவர் பாடு.

இதைப் பயன்படுத்த ஒரு நிபந்தனை: குழந்தை உண்மையிலேயே அடி எடுத்து வைத்திருக்க வேண்டும். ஒரு வயதில் தவழ்ந்துகொண்டிருக்கும் குழந்தைகள் ஏராளம். அந்தப் பெற்றோருக்கு இந்த அட்டை போனால் குறை சொல்வதுபோல் ஆகிவிடும். அடுக்குமாடியில் வாசல் தெளிப்பது இல்லை என்றால் முதல் வரி பொய்யாகும். அங்கே 'துடைத்த தரை' பொருந்தும். ஈரத் தரையில் சக்கரக் கோடும் காலும் தெளிவாகத் தெரியும், எழுத்தும் அதே ஐந்துதான். மங்கலம் மட்டும் ஒரு படி இறங்குகிறது.

பருவச்சொல் வேண்டும் என்று நினைப்பவர்கள் முதல் வரியைத்தான் மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பிறந்த குழந்தை என்றால் 'மழை விட்ட வாசல்'. நம் ஆறு பெரும்பொழுதில் எது அந்தத் தேதிக்கு வருகிறதோ அதிலிருந்தே எடுக்கவும். சித்திரையில் பிறந்தவருக்குப் பனித்துளி எழுதுவது அட்டைகளில் சாதாரணமாக நடக்கிறது, படிக்கவே வேர்க்கிறது. மார்கழியில் பிறந்த பாட்டிக்கு இதே முறையில் வந்தது இது:

மார்கழிக் கோலம்
இன்றைக்கு மட்டும்
இரண்டு பூசணிப் பூ

இதில் நடுவரி பெயரும் அல்ல, எச்சமும் அல்ல. ஆனால் 'மட்டும்' முன்னே இழுப்பதால் பசையின் வேலையைச் செய்துவிடுகிறது. தினமும் ஒன்று வைக்கும் வீடாக இருந்தால்தான் இரண்டுக்குப் பொருள்.

அட்டையில் எழுதும்போது வரிகளை இடப்பக்கம் சமமாகத் தொடங்கவும். நடுவில் குவித்தால் முறிவு அலங்காரமாகத் தெரியும். ஆச்சரியக்குறி, முற்றுப்புள்ளி வேண்டாம். முதல் வரிக்குப் பின் வெட்டு தெரியவில்லை என்று தோன்றினால் ஒரு சிறு கோடு போதும். கைபேசியில் அனுப்புவதானால் நடுவரியைக் கவனிக்கவும். எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவர் திரையில் 'தாண்டி' மட்டும் கீழே மடிந்து கவிதை நான்கு வரியாகிவிடும். பெரியவர்களுக்கு அனுப்பும்போது இது அடிக்கடி நடக்கும். அவர்களுக்கு மட்டும் காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினால் வரி மடியாது.