அப்பாவின் அரசுக் கடன் பத்திரத்தை விற்ற கதை

2022 ஜூலையில் வீட்டு வேலைக்காக அப்பாவிடம் இருந்த 6.10% ஜி.எஸ். 2031 என்ற மத்திய அரசுப் பத்திரத்தை விற்கப் போனோம். முகமதிப்பு 5 லட்சம். ஆறு மாத வட்டி ஜூலை 12 அன்று சரியாக வந்துவிட்டது. மறுநாள் புரோக்கர் அலுவலகத்தில் சொன்ன விலை, 100 ரூபாய்க்கு 89.50. "அரசுப் பத்திரம்தானே, ஏன் குறையுது?" என்று அப்பா கேட்டதற்கு, "மார்க்கெட் அப்படித்தான் சார்" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விலை குறைந்தது நியாயம்தான். அந்த மே, ஜூனில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டியை 4%லிருந்து 4.90%க்கு ஏற்றியிருந்தது. சந்தையில் பத்தாண்டுப் பத்திரங்கள் 7.4% சுற்றித் தந்துகொண்டிருந்தன. நம் பத்திரமோ 2031 வரை 100 ரூபாய்க்கு வருடத்துக்கு 6.10 ரூபாய் மட்டுமே தரும், அது மாறாது. புதிதாக வாங்குபவர் முழு 100 ரூபாய் கொடுக்க மாட்டார். விலை இறங்கித்தான் அந்த இடைவெளி நிரம்ப வேண்டும்.

எவ்வளவு இறங்க வேண்டும் என்பதைத்தான் ஒய்.டி.எம்., அதாவது முதிர்வு வரை வைத்திருந்தால் வருடத்துக்குக் கிடைக்கும் மொத்த வருமான விகிதம், சொல்கிறது. உதாரணமாக, 91.57க்கு வாங்குபவருக்கு, போட்ட பணத்தில் 6.66% வட்டியாக வரும். அதோடு ஒன்பது வருடம் கழித்து 100 ரூபாய் கைக்கு வருவதால் 8.43 ரூபாய் கூடுதல் லாபம். இரண்டையும் சேர்த்து, எப்போது எவ்வளவு வருகிறது என்று பார்த்துக் கணக்கிட்டால் 7.4%. ஆனால் முதிர்வு வரை வைத்திருந்து, இடையில் வரும் வட்டியையும் அதே விகிதத்தில் முதலீடு செய்தால்தான் அது முழுதாகக் கிடைக்கும்.

எக்செல்லில் இதைப் போட்டுப் பார்த்தேன்:

```
=PRICE(DATE(2022,7,14),DATE(2031,7,12),6.1%,7.4%,100,2,4)
```

91.57 பக்கம் வந்தது. அவர்கள் சொன்ன 89.50க்கு ஒய்.டி.எம். 7.74%. அதாவது சந்தையைவிட மூன்றில் ஒரு சதவீதம் அதிகமாக வாங்குபவருக்குப் போகிறது, அதுவும் அப்பாவின் பணத்திலிருந்து. அரசுப் பத்திர வர்த்தகங்களுக்குத் தீர்வு செய்யும் சி.சி.ஐ.எல். நிறுவனத்தின் தளத்தில் அன்றைய வர்த்தக விலைகள் இருக்கும். அதைக் காட்டி, "எந்த ஒய்.டி.எம்.மில் இந்த விலை போட்டீங்க?" என்று கேட்டேன். பதில் வரவில்லை, விலை 91.30 ஆனது. 5 லட்சத்துக்கு 9,000 ரூபாய் வித்தியாசம். சிறிய அளவில் விற்பவருக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் தருவார்கள், அதனால் அதற்குமேல் இழுக்கவில்லை.

விற்கப் போகிறவர்கள் விலையோடு அதன் ஒய்.டி.எம்.மையும் கேளுங்கள். அவசரம் இல்லையென்றால் விற்கவே வேண்டாம், 2031இல் முழு 5 லட்சமும் வரும். அப்புறம், கடைசி வட்டித் தேதியிலிருந்து பணம் கைமாறும் நாள் வரையிலான வட்டி விலையில் சேராது, தனியாக வரவேண்டும். எங்களுக்கு இரண்டு நாளுக்கு 169 ரூபாய். ஒப்பந்தச் சீட்டில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே அப்பா கையெழுத்துப் போட்டார்.