பெரியப்பாவுக்குக் காது மெஷின் வாங்கியபோது பார்த்துக்கொண்டவை

காது மெஷின் கடையில் முதலில் காட்டுவது, ஒலியை எத்தனை பகுதியாகப் பிரித்துச் சரிசெய்யும் என்ற சேனல் எண்ணிக்கையைத்தான். 8, 16, 24 என்று அது ஏற ஏற விலையும் ஏறும். 78 வயதுப் பெரியப்பாவுக்கு வாங்கும்போது அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டோம். மெஷினை அவர் கையாலேயே மாட்ட முடியுமா, கெட்டுப்போனால் யார் எத்தனை நாளில் சரிசெய்து தருவார்கள் என்ற இரண்டை வைத்தே முடிவெடுத்தோம்.

கடைக்குப் போகும் முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். காதில் குறும்பி அடைத்திருந்தால் எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று கோடாக வரைந்து காட்டும் ஆடியோகிராம் தப்பாக வரும், காதுக்குள் பொருந்தும் துண்டான மோல்டுக்கு அளவும் சரியாக எடுக்க முடியாது. ஒரு காது மட்டும் மற்றதைவிட ரொம்ப மோசமாக இருந்தாலோ, சீழ், தலைசுற்றல், திடீர்க் கேளாமை இருந்தாலோ மெஷின் பேச்சே பிறகுதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் ஆடியோமெட்ரி என்ற இந்தக் கேட்புச் சோதனையைச் செய்கிறார்கள். தனியாரிடம் போனால், சோதிப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலான ஆர்.சி.ஐ.யில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்டா என்று கேட்கத் தயங்க வேண்டாம். விற்பனையாளரே ஹெட்ஃபோனை மாட்டி ஐந்து நிமிடத்தில் அளந்து தருவது சோதனை ஆகாது.

பெரியப்பாவின் வலது காது 500 ஹெர்ட்ஸில் 40 டெசிபல், 1000-இல் 50, 2000-இல் 65, 4000-இல் 75. டெசிபல் கூடக் கூடக் கேட்பது மோசம் என்று பொருள். அதாவது கீழ் அதிர்வெண்ணில் வரும் கனத்த ஒலி ஓரளவு கேட்கிறது, மேல் அதிர்வெண்ணில் வரும் கீச்சொலி போய்விட்டது. ‘பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறாய் என்றுதான் புரியவில்லை’ என்று அவர் சொன்னதற்கு அதுதான் காரணம். ச, த, க போன்ற மெய்யொலிகளின் பெரும்பகுதி மேல் அதிர்வெண்களில் இருக்கிறது. நாம் கத்தினாலும் அது முழுசாகச் சரியாவதில்லை, ஏற்கெனவே கேட்கிற கனத்த ஒலிதான் இன்னும் கனக்கிறது.

இடது காதின் கோடும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைக்கும் சோதனையில் வலது 76 சதவீதம், இடது 48 சதவீதம். இந்த எண்ணைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். எவ்வளவு விலை கொடுத்த மெஷினும் காது பிரித்தறியும் திறனைத் தாண்டித் தெளிவு தராது. இரண்டு காதுக்கும் போடுவது பொதுவாக நல்லது. அதற்குப் பணம் போதவில்லை என்றால், இவரைப் போன்றவருக்குச் சொல் நன்றாகப் புரிகிற காதுக்கு முதலில் போடலாம். நாங்கள் வலதில் தொடங்கினோம்.

அடுத்தது வகை. காதுத் துளைக்குள்ளேயே அடங்கிவிடும் சிறிய மெஷின் வெளியே தெரியாது என்பார்கள். அதன் பேட்டரி சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. மூட்டுவலி உள்ள விரல்கள் அதைத் திருப்பிப் போடும், இல்லையென்றால் கீழே போடும். ஆர்.ஐ.சி. எனப்படும் வகையில் உடல் காதுக்குப் பின்னால் இருக்கும், ஒலி தரும் ரிசீவர் மெல்லிய ஒயரின் நுனியில் காதுக்குள் போகும். இவருடைய கோட்டுக்கு ஒலி அதில் இயல்பாக இருக்கும். ஆனால் ரிசீவர் உட்காருவது குறும்பியும் வியர்வையும் சேரும் இடத்தில். குறும்பி அதிகம் சுரக்கும் காதில் முதலில் போவது அதுதான், மாற்றுவதற்குச் சில ஆயிரம் ஆகும். பி.டி.இ. வகையில் ரிசீவர் காதுக்குப் பின்னால் உடலுக்குள்ளேயே இருக்கிறது. ஒலி பிளாஸ்டிக் டியூப் வழியாக மோல்டுக்கு வரும். அடைத்தால் மோல்டைக் கழற்றிக் கழுவிக்கொள்ளலாம். பார்க்கப் பெரிசுதான், பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பி.டி.இ.யைத்தான் எடுத்தோம்.

பேட்டரி 13-ஆம் எண், ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் ஒட்டியது. நாள் முழுக்கப் போட்டால் பத்து நாளுக்கு மேல் வரும். ஸ்டிக்கரை உரித்ததும் காற்று பட்டு வேலை செய்யத் தொடங்கும் வகை என்பதால், உரித்தபின் ஒரு நிமிடமாவது வெளியே வைத்துவிட்டுப் போட வேண்டும். திரும்ப ஒட்டிச் சேமிக்க முடியாது. சார்ஜ் செய்யும் மெஷின்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சில வருடங்களில் உள்பேட்டரி தேய்ந்தால் பல மாடல்களில் மெஷினையே கம்பெனிக்கு அனுப்ப வேண்டியிருக்கும். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மோல்டில் அவசரப்படக்கூடாது. நூல் கட்டிய பஞ்சை உள்ளே தள்ளி, சிலிக்கோன் பசையை ஊற்றி, அது இறுகியதும் உருவி எடுப்பார்கள். காதுத் துளையின் இரண்டாவது வளைவுவரை அச்சு வந்திருக்கிறதா, குமிழ், மடிப்பு இல்லையா என்று அப்போதே பார்க்கலாம். குட்டையான அச்சில் செய்த மோல்டு தளர்ந்து, வாயசைத்துச் சாப்பிடும்போதெல்லாம் ‘கீ’ என்று விசிலடிக்கும். சத்தத்தைக் குறைத்து அந்த விசிலை அடக்கித் தருவார்கள். பிறகு பேச்சும் கேட்காது. மோல்டைத் திரும்பச் செய்வதே சரி. கெட்டியான அக்ரிலிக் மோல்டை முதியவர் விரலாலும் சுலபமாகக் காதில் நுழைக்கலாம். அதில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் காற்றுத்துளை விட்டால், சொந்தக் குரல் பானைக்குள் பேசுவதுபோல் முழங்குவது குறையும்.

பொருத்தும் நாளில் கம்ப்யூட்டரில் ஆடியோகிராமை ஏற்றி ஒரு பொத்தானை அழுத்தினால் மெஷின் தானே அமைந்துவிடும். பல இடங்களில் அத்தோடு முடிந்தது. அந்த முதல் அமைப்பு மேல் அதிர்வெண்களில் பெரும்பாலும் குறைவாகவே ஒலி தரும். இவருக்கு வேண்டியதோ அந்த மேல் அதிர்வெண் ஒலிதான். காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து, மெஷின் உள்ளே உண்மையில் எவ்வளவு தருகிறது என்று அளந்து, அந்தக் காதுக்கு எவ்வளவு ஒலி வேண்டும் என்று கணக்கிடும் NAL-NL2 முறையின் இலக்குக் கோட்டோடு திரையில் ஒப்பிடும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மெஷினோடு உட்காரவைத்து ஸ்பீக்கர் வழியாக ஆடியோமெட்ரியும் தமிழ்ச் சொல் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். நாங்கள் இதைத்தான் செய்தோம். மெஷின் போட்டும் 2000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலிலேயே நின்றது, கூட்டியபின் 35-க்கு வந்தது. பாத்திரச் சத்தம் முதல் வாரங்களில் காதைக் குத்தும். அதற்காகக் கழற்றி டப்பாவில் போடாமல் படிப்படியாகக் கூட்டச் சொல்லலாம்.

பழுது விஷயத்தில் ‘இரண்டு வருட வாரண்டி’ என்ற வார்த்தைக்குள் என்ன அடங்கும் என்று பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். ரிசீவரும் மைக்கும் சேருமா, ஈரத்தால் கெட்டால் சேருமா, பழுது பார்க்க ஊரிலேயே ஆள் உண்டா, அனுப்பும் நாட்களில் மாற்று மெஷின் தருவார்களா? இன்னொன்றும் உண்டு. சில கடைகள் தங்கள் மென்பொருளில் மட்டும் திறக்கும்படி பூட்டிய மெஷினைத் தருகின்றன. ஊர் மாறினால் வேறு ஆடியாலஜிஸ்ட் அதைத் தொடக்கூட முடியாது. சீரியல் எண்ணும் மாடல் பெயரும் பில்லில் இருக்கட்டும்.

‘மெஷின் செத்துப்போச்சு’ என்றால் புதுப் பேட்டரி போட்டு, மெஷினை மோல்டோடு உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடுங்கள். விசில் வந்தால் உள்ளே எல்லாம் உயிரோடிருக்கிறது என்று பொருள். அடைப்பு இருந்தால் காதில்தான். விசில் வரவில்லையென்றால் மோல்டோடு டியூபைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது வந்தால் அடைப்பு மோல்டிலோ டியூபிலோதான், பெரும்பாலும் டியூபில் தண்ணீர்த் துளி நிற்கும். சென்னைக் கடற்கரைப் பக்கம் இது அன்றாடம் நடப்பது. ஊதும் பந்தால் ஊதினால் போய்விடும். அப்போதும் ஊமையாக இருந்தால் பேட்டரிக் கதவின் உலோக நாக்கில் பச்சைத் துரு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு சர்வீஸுக்கு அனுப்பலாம். தினமும் ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் காயவைத்தோ மாற்றியோ போடுங்கள். டியூப் மஞ்சளாகி விறைத்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள், கடையில் புதுசு போட்டுத் தருவார்கள்.