இஸ்திரியில் போன ப்ளீட்டைத் திரும்பப் பிடித்தது

அக்கா மகளின் ப்ளீட் பாவாடையை இஸ்திரிக்குக் கொடுக்கும்போதே "மடிப்பு மேலே வைக்காதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தேன். திரும்பி வந்தபோது முன்பக்கம் முழுக்கத் தட்டையாக இருந்தது. கேட்டால், "சுருக்கம் எடுத்திருக்கோம்" என்று பதில். இன்னும் ஆறவில்லை.

அதைவிட எரிச்சல், அடுத்து நடந்த அலைச்சல். புடவை ப்ரீ-ப்ளீட்டிங் செய்பவரிடம் போனேன். அவர்கள் மடித்து, தேய்த்து, பின் குத்தித் தருகிறார்கள். பாவாடைக்கு அது நிற்காது. ட்ரை கிளீனிங் கடையில் பாவாடையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "ஆகாது" என்றார்கள்.

கடைசியில் ரெடிமேட் தைப்பவர்களுக்கு ப்ளீட் போட்டுத் தரும் ஒரு பட்டறை கிடைத்தது. அங்கிருந்த அண்ணன் முதலில் கேட்டதே, "முழு பாலியெஸ்டரா, காட்டன் கலந்ததா?" என்றுதான். காட்டன் கலப்பு அதிகமானால் மடிப்பு நாலு துவைப்பு தாங்காதாம். இது முழு பாலியெஸ்டர்.

காரணத்தையும் அவர்தான் புரியவைத்தார். பாலியெஸ்டர் நூல் சுமார் 80 டிகிரிக்கு மேல் இளக ஆரம்பிக்கும். ப்ளீட் போடும்போது அதைவிட நல்ல சூட்டில் மடித்து வைத்து, அப்படியே ஆறவிடுகிறார்கள். நூல் அந்த வடிவத்திலேயே இறுகிவிடுகிறது. அதனால் சாதாரணத் துவைப்பில் போகாது. ஆனால் காட்டன் அளவில் வைத்த இஸ்திரிப் பெட்டி 200 டிகிரி வரை போகும். ப்ளீட் போட்ட சூட்டை எட்டியோ தாண்டியோ தட்டையாக அழுத்தினால், நூல் பழைய மடிப்பை விட்டுவிட்டு 'தட்டை'யையே புது வடிவமாக எடுத்துக்கொள்கிறது. கரிப்பெட்டியில் சூட்டுக்கு அளவே கிடையாது.

வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா என்று பார்க்க ஒரு வழி சொன்னார். துணியை இழுக்காமல் தொங்கவிட்டு நீராவி காட்ட வேண்டும். மடிப்பு லேசாகவாவது தானே எழுந்தால் பழைய வடிவம் இன்னும் மிச்சம் இருக்கிறது; ஓட்டுத்தையல் போட்டு, ஈரத்துணி வைத்து மிதமான சூட்டில் அழுத்தி, ஆறிய பிறகே தையலைப் பிரித்தால் போதும். எங்கள் பாவாடையின் பின்பக்கம் எழுந்தது, முன்பக்கம் அசையவில்லை. அவ்வளவு சூட்டில் தட்டையானதை, தொங்கவிட்டுக் காட்டும் ஆவி மட்டும் மாற்றாது.

ஆகவே பட்டறைதான். இடுப்புப் பட்டியையும் பக்கத் தையலையும் பிரித்துத் தட்டைத் துணியாகக் கொடுத்தாக வேண்டும். இதை முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். பிரிக்காமல் கொண்டுபோனதில் எனக்கு ஒரு நடை வீண். மடித்த இரண்டு கெட்டிக் காகிதங்களுக்கு நடுவே துணியை வைத்து, சுருட்டிக் கட்டி, ஆவிப் பெட்டியில் வேகவைத்தார்கள். முழுக்க ஆறும்வரை கட்டை அவிழ்க்கவில்லை. பழைய மடிப்பு அகலத்துக்கே காகிதம் எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழைய கோடுகள் நிழல் மாதிரி புது மடிப்புக்கு நடுவே தெரியும்.

மடிப்பு கத்தி மாதிரி வந்துவிட்டது! இஸ்திரிப் பெட்டி நின்ற இடத்தில் ஒரு பளபளப்பு மட்டும் போகவில்லை. அங்கே நூலே நசுங்கிவிட்டதால் எந்த ஆவியும் அதை மீட்காது. தையல்காரர் திரும்பத் தைக்கும்போது அந்தப் பகுதியைப் பின்பக்கத் தையலுக்குள் தள்ளிவிட்டார்.