இரண்டு வாரம் மலைக்குப் போக விடுப்புக் கேட்டது

ஜெர்மனிக்கு வந்த இரண்டாவது வருடத்தில்தான் அந்த மின்னஞ்சலை எழுத வேண்டி வந்தது. எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து போக வேண்டும் என்று நானும் மூன்று நண்பர்களும் நான்கு வருடமாகப் பேசி, ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவருக்கு ஏதாவது வந்து தள்ளிப்போய், கடைசியில் அந்த அக்டோபர் என்று முடிவாகியிருந்தது. எனக்கு ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை, மொத்தம் நான்கு பேர்தான். அதில் ஒருவர் இரண்டு வாரம் இல்லையென்றால் மற்ற மூவரின் மேசையிலும் அது தெரியும்.

முதலில் எழுதியதை இப்போது படித்தாலும் நான் ஏன் அப்படி எழுதினேன் என்று எனக்குப் புரிகிறது. இது என் வாழ்நாள் கனவு, தொந்தரவுக்கு மன்னிக்கவும், தினமும் மின்னஞ்சல் பார்த்துவிடுவேன், அவசரம் என்றால் அங்கிருந்தே முடித்துக் கொடுப்பேன் என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். தேதி கடைசி வரியில் இருந்தது, அதுவும் ‘அக்டோபர் நடுவில் சுமார் இரண்டு வாரம்’ என்று. பணிவாக, பொறுப்பாக எழுதியிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

மேலாளர் மறுநாள் கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லை. “ஏன் போகிறீர்கள் என்பதை எனக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எந்தத் தேதி, உங்கள் வேலையை யார் பார்ப்பார், விமானம் கிடைக்காமல் தாமதமானால் என்ன செய்வீர்கள், இந்த மூன்றும் இதில் இல்லை. அப்புறம், மலையில் இருந்து தினமும் மின்னஞ்சல் பார்ப்பேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது நடக்குமா?” என்று கேட்டார். நடக்காது என்று எனக்கே தெரியும். டிக்கெட் எடுத்துவிட்டீர்களா என்றும் கேட்டார். நல்லவேளை, எடுத்திருக்கவில்லை. எடுத்திருந்தால் நான் கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன் என்றுதான் அவருக்குப் பட்டிருக்கும்.

அன்று மாலை இங்குள்ள விடுப்புச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். வாரம் ஐந்து நாள் வேலை என்றால் குறைந்தது வருடத்துக்கு 20 நாள் விடுப்பு உண்டு, ஒரு வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆன பிறகு அது முழுதாகக் கிடைக்கும். எனக்கு ஆச்சரியமாக இருந்தது 7-ம் பிரிவு. விடுப்பைத் துண்டு துண்டாக இல்லாமல் தொடர்ச்சியாகவே கொடுக்க வேண்டும், பிரித்தே ஆக வேண்டும் என்றாலும் ஒரு பகுதியாவது தொடர்ந்து இரண்டு வாரமாவது இருக்க வேண்டும் என்கிறது. ஆக, இரண்டு வாரம் என்பது நான் கெஞ்சிக் கேட்க வேண்டிய சலுகை அல்ல. ஆனால் எந்த இரண்டு வாரம் என்பதில் நிறுவனத்துக்குப் பேச இடம் இருக்கிறது. வேலையில் அவசரத் தேவை இருந்தாலோ, சமூகக் காரணத்தால் முன்னுரிமை உள்ள சக ஊழியர் அதே நாட்களைக் கேட்டாலோ மறுக்கலாம். பள்ளி விடுமுறையில் குழந்தைகளோடு இருக்க வேண்டியவர் பெரும்பாலும் அந்த வகையில் வந்துவிடுவார். ஒப்புதல் இல்லாமல் நீங்களாகவே கிளம்பிவிட்டால் வேலையே போகலாம். சாகசப் பயணம் என்றதும் பொறுப்பில்லாதவன் என்று நினைப்பார்களோ என்று நான் பயந்திருந்தேன். உண்மையில் அவர்கள் பார்ப்பது இந்த இரண்டு இடத்தையும் நான் யோசித்திருக்கிறேனா என்பதைத்தான்.

சரி, வேலைப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். எங்கள் பிரிவில் ஒவ்வொரு மாதமும் 10-ம் தேதிக்குள் மதிப்புக்கூட்டு வரியின் முன்கணக்கை வரி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், மாதக் கடைசியில் கணக்கு முடிப்பு வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் நான் இல்லாமல் இருக்கக்கூடிய காலம். அந்த வருடம் அக்டோபர் 10 வியாழக்கிழமை. அன்று மாலை வேலை முடித்துக் கிளம்பினால், 28 திங்கள் காலை மேசையில் இருக்கலாம். 14 முதல் 25 வரை பத்து வேலை நாள் விடுப்பு, 11 வெள்ளிக்கு மட்டும் கூடுதலாக வேலை செய்து சேர்த்து வைத்திருந்த மணிநேரத்தில் ஒரு நாள்.

அடுத்தது மலை. இந்தப் பயணத்தை ஏன் பத்து நாளில் முடிக்க முடியாது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சுமார் 3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஒரே உயரத்தில் இரண்டாம் இரவும் தங்க வேண்டும். அதனால்தான் 3,440 மீட்டரில் உள்ள நாம்சே பஜாரிலும் 4,410 மீட்டரில் உள்ள திங்போசேயிலும் தலா ஒரு ஓய்வு நாள். முகாம் 5,364 மீட்டரில் இருக்கிறது. அந்த ஓய்வு நாட்களை வெட்டித்தான் பயணத்தைச் சுருக்க முடியும், வெட்டினால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை என்று உயர நோய் வரும் வாய்ப்பு கூடும், வந்தால் கீழே இறங்குவதுதான் மருந்து. 12-ம் தேதி லுக்லாவில் இறங்கி நடக்கத் தொடங்கினால் 19-ல் முகாம், 22-ல் திரும்ப லுக்லா, 23-ல் விமானம்.

லுக்லாவில்தான் சிக்கல். மலைச்சரிவில் வெட்டிய சின்ன ஓடுதளம், மேகம் இறங்கிவிட்டால் விமானம் வராது, சில சமயம் தொடர்ந்து இரண்டு மூன்று நாள்கூட வராது. கூட்டமான மாதங்களில் அந்த விமானங்கள் பெரும்பாலும் காட்மாண்டுவிலிருந்து கிளம்பாமல் ராமேச்சாப்பிலிருந்து கிளம்பும், அதற்கு நான்கைந்து மணி நேரம் சாலையில் போக வேண்டும். என் முதல் திட்டத்தில் 24-ம் தேதியே வீடு திரும்பும் டிக்கெட் போட்டு, நடுவில் சும்மா இருக்கும் நாள் ஒன்றுகூட வைக்காமல், மிச்சத்தில் இரண்டு நாள் ஊர் சுற்றலாம் என்று வைத்திருந்தேன். வானிலை ஒரு நாள் கெட்டால் டிக்கெட் போயிருக்கும், அதற்குப் பின் இடம் கிடைக்கும் நாளில்தான் வேலைக்கு வந்திருப்பேன். மேலாளர் பயந்தது இதைத்தான். ஊர் சுற்றுவதை விட்டுவிட்டு 24, 25 இரண்டையும் காட்மாண்டுவில் காலியாக வைத்து, திரும்பும் விமானத்தை 26 சனிக்கிழமைக்கு மாற்றினேன். நண்பர்களில் ஒருவருக்கு இது வீணாகப் பட்டது. எனக்கு அந்த இரண்டு நாள்தான் இந்த விடுப்பையே கேட்கும் தைரியத்தைக் கொடுத்தது.

எழுதுவதற்கு முன் சக ஊழியர்களிடம் பேசினேன், இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். எங்கள் மாநிலத்தில் இலையுதிர் கால பள்ளி விடுமுறையும் அதே 14 முதல் 25 வரைதான். இரண்டு குழந்தைகளின் அம்மா ஒருவர் குழுவில் இருக்கிறார். அவருக்கு இரண்டாம் வாரம் மட்டும் வேண்டும் என்றார். முதல் வாரம் அவர் என் வேலையைப் பார்க்கவும், இரண்டாம் வாரம் இன்னொருவர் பார்க்கவும் ஒப்புக்கொண்டார்கள். அந்த இன்னொருவருக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் வேண்டியிருந்தது, அப்போது நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அப்புறம் எழுதிய இரண்டாவது மின்னஞ்சல் ஏழே வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“அக்டோபர் 14 முதல் 25 வரை விடுப்பும், 11 அன்று மணிநேர ஈட்டு நாளும் கேட்கிறேன். வரி முன்கணக்கை 10-ம் தேதிக்குள் நான் அனுப்பிவிடுவேன், மாதக் கணக்கு முடிப்புக்கு 28-ம் தேதி இருப்பேன். முதல் வாரமும் இரண்டாம் வாரமும் என் வேலையைப் பார்ப்பவர்கள் இவர்கள், இருவரிடமும் பேசிவிட்டேன். 12 முதல் 23 வரை மலைப் பாதையில் இருப்பேன், என்னைத் தொடர்பு கொள்ள முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் உள்ளூர் விமானம் வானிலையால் தள்ளிப்போகலாம் என்பதால் இரண்டு நாள் காலியாக வைத்திருக்கிறேன். ஒப்படைப்புத் தாளை செப்டம்பர் கடைசிக்குள் தருகிறேன். உங்கள் ஒப்புதல் வந்த பிறகே டிக்கெட் எடுப்பேன், ஜூலை 15-க்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும்.”

தொடர்பு கொள்ள முடியாது என்று எழுதத்தான் கை வரவில்லை. உண்மையில் அந்தப் பாதையில் பல இடங்களில் காசு கொடுத்தால் இணையம் கிடைக்கும், ஆனால் கிடைக்கும் என்று நம்பி ஒருவர் அலுவலகத்தில் காத்திருந்தால் ஒரு பணம் செலுத்துதல் அப்படியே நின்றுவிடும். கிடைக்காது என்று முன்பே தெரிந்தால் அவர் தானே முடிவெடுப்பார். விடுப்பில் இருப்பவர் தொடர்பில் இருக்க வேண்டியதில்லை என்பதுதான் இங்கே சட்டத்தின் நிலையும். ஒப்புதல் மூன்றாம் நாள் வந்தது.

ஒப்படைப்புத் தாளில் என் வேலை முழுவதையும் எழுத ஆரம்பித்து, நான்கு பக்கம் ஆனபோது நிறுத்தினேன், அதை யாரும் படிக்க மாட்டார்கள். இரண்டு வாரத்தில் தேதி தவறினால் பணம் போகும் விஷயங்களை மட்டும் வைத்தேன். எங்களுக்கு அது பெரும்பாலும் ஸ்கோன்டோ. சில விற்பனையாளர்கள் பத்து அல்லது பதினான்கு நாளுக்குள் பணம் கட்டினால் தொகையில் இரண்டு சதவீதம் குறைத்துக்கொள்ள விடுவார்கள். நான் போன மறுநாள் வரும் ரசீதுக்கு நான் திரும்பும் முன்பே அந்தக் கெடு முடிந்துவிடும். அதனால் ஸ்கோன்டோ தரும் விற்பனையாளர்களின் பெயர், எத்தனை நாள், ரசீதை யார் சரிபார்க்க வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதினேன்.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு ஒரு ஒத்திகை பார்த்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எதையும் தொடாமல், என் வேலையைப் பார்க்கப்போகும் சக ஊழியர் ஒருவர் தாளை மட்டும் பார்த்து வாராந்திரப் பணம் செலுத்துதலைச் செய்ய வேண்டும். எங்களிடம் வங்கியில் ஒவ்வொரு தொகைக்கும் இருவர் கையொப்பம் வேண்டும். இரண்டாம் கணக்கில் வந்து நின்றுவிட்டார், அவருக்கு அந்தக் கணக்கில் கையொப்ப உரிமையே கொடுத்திருக்கவில்லை, இதுவரை நான் எப்போதும் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. வங்கி அதைச் சரிசெய்ய ஆறு நாள் எடுத்துக்கொண்டது. நான் மலையில் இருக்கும்போது இது தெரிந்திருந்தால் அந்த வாரம் ஒரு ரசீதுக்கும் பணம் போயிருக்காது.

23-ம் தேதி லுக்லாவில் காலையிலிருந்தே மேகம், ஒரு விமானமும் வரவில்லை. ஓடுதளத்தைப் பார்த்தபடி பலர் பதற்றமாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் விடுதிக்குத் திரும்பி மத்தியானம் வரை தூங்கினோம். மறுநாள் காலை இரண்டாவது விமானத்தில் இடம் கிடைத்தது. வைத்திருந்த இரண்டு நாளில் ஒன்று செலவாகி, ஒன்று மிச்சம்.

28-ம் தேதி காலை என் மேசையில் அந்த ஒரு பக்கத் தாள் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தேதியும் சின்ன டிக்கும், ஒரே ஒரு ரசீதில் மட்டும் தொகை ஒத்துவரவில்லை, நீங்கள் வந்து பாருங்கள் என்று பென்சிலில் ஒரு குறிப்பு. டிசம்பர் விடுப்புக்குத் தன் தாளை எழுத உட்கார்ந்த சக ஊழியர், என் தாளின் வெற்றுப் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.