கையெழுத்து போட்டாச்சு, சோதனை முடியவில்லை

திருமங்கலம் பக்கம் ஒரு மாணவர் விடுதிக்குத் தரைக்கு அடியில் 1 லட்சம் லிட்டர் சம்ப் கட்டிய வேலை. ஒப்பந்தக்காரர் தரப்பில் தரம் பார்க்கும் பொறியாளர் நான். வேலை முடிந்து விடுதியும் திறந்துவிட்டார்கள். ஆனால் அன்று சம்ப் மூடிக்குப் பக்கத்தில் நின்று உரிமையாளர் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை என்பதுதான் பிரச்சினை.

சம்ப் 8 மீட்டருக்கு 5 மீட்டர், தண்ணீர் நிற்கும் ஆழம் இரண்டரை மீட்டர். வெளிச்சுவரைச் சுற்றி ஏற்கனவே மண் நிரப்பியாகிவிட்டது, அதனால் ஈரம் கசிகிறதா என்று வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. இந்த மாதிரி தொட்டிக்கு, தண்ணீர்த் தொட்டிகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 3370-ஐ வைத்து நாங்கள் செய்யும் சோதனை இதுதான். முழுக்க நிரப்பி, கான்கிரீட் குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடித்து முடிக்க 7 நாள் விட வேண்டும். அப்புறம் அடுத்த 7 நாள், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டம் அளக்க வேண்டும். மேலே மூடியிருக்கும் இந்தத் தொட்டிக்கு எங்களுக்கு வைத்திருந்த வரம்பு, மொத்த இறக்கம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த அளவுக்கு 1 மில்லிமீட்டர் என்றால் 40 லிட்டர்.

அளக்க ஆரம்பித்த முதல் மூன்று நாளில் 8, 7, 8. ஆக 23. இதே வேகத்தில் போனால் 40-ஐத் தாண்டிவிடும் என்று ப்ராஜெக்ட் மேனேஜரிடம் சொன்னேன். "மதுரை வெயிலுக்கு ஆவியாப் போயிருக்கும்பா" என்றார். அதற்காகத்தான் முதல் நாளே ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் கோடு போட்டு, சம்புக்குள்ளேயே கட்டித் தொங்கவிட்டிருந்தேன். வெயில் காரணம் என்றால் வாளியிலும் அதே அளவு இறங்கியிருக்க வேண்டும். வாளிக் கோடு கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம்தான் உரிமையாளர் வந்தார். ஆவணியில் நல்ல நாள் பார்த்துத் திறப்பு விழா குறித்தாகிவிட்டது, அந்த அவசரம். மூடியைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார், மேல் தளத்தில் நடந்து பார்த்தார், அப்புறம் கேட்டுக்குப் போய் நின்று அங்கிருந்து மூடியைப் பார்த்தார். "தண்ணி லாரி எங்க நிக்கும்? இங்கருந்து ஓஸ் போட்டா வாசப்படி வழியால்ல வரும்" என்றார். நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை. மூடி வரைபடத்தில் சமையலறைப் பக்கம் இருந்தது, கட்டியதும் அங்கேதான், 600-க்கு 600, சரியான அளவு என்று டிக் அடித்ததே நான்தான். காம்பவுண்ட் சுவரிலிருந்து சம்புக்கு ஒரு பைப் வேண்டும் என்று ஏற்புப் படிவத்தில் தன் கையாலேயே எழுதினார். "மத்ததெல்லாம் நான் கேட்ட மாதிரியே இருக்கு, எங்க கையெழுத்து போடணும்?"

"சார், தண்ணி சோதனை இன்னும் நாலு நாள் இருக்கு" என்றேன்.

"தம்பி, செக் பண்றது உங்க வேலை. நான் கேட்டது இதுதானான்னு பாக்குறது என் வேலை. நான் பாத்துட்டேன்."

போட்டுவிட்டார். மேனேஜர் படிவத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஏழாவது நாள் மொத்தம் 52. அதாவது வாரத்துக்கு 2,080 லிட்டர், 6,000 லிட்டர் லாரியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகிறது. ரிப்போர்ட்டில் தேறவில்லை என்று எழுதினேன். மேனேஜர், "ஓனரே ஏத்துக்கிட்டாரு, இனிமே இது குறைபாடு பொறுப்புக் காலத்துல பாக்குற விஷயம், பில்லைப் போட விடு" என்றார். எப்படியும் நம் செலவில்தானே சரி செய்யப் போகிறோம், இப்போது செய்தால் என்ன, பிறகு செய்தால் என்ன என்பது அவர் வாதம். அதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகக்கூட அன்று தோன்றியது. ஆனால் பிறகு என்றால் விடுதியில் பையன்கள் வந்த பிறகு. சம்பைக் காலி செய்து, குடிக்கவும் குளிக்கவும் லாரித் தண்ணீரை வேறு எங்கே ஊற்றுவது? நான் ரிப்போர்ட்டை மாற்றவில்லை. நேரே உரிமையாளருக்கும் ஒரு பிரதி போயிற்று.

அவர் போனில் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப நான் போட்ட கையெழுத்து எதுக்கு?"

ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் படித்தவர்களுக்கு விடை தெரியும். வேலை வரைபடப்படியும் அளவுப்படியும் இருக்கிறதா என்று செய்தவர் தரப்பே பார்ப்பது குவாலிட்டி கன்ட்ரோல். அதில் தேறியதைத்தான் வாடிக்கையாளர் முன் வைக்க வேண்டும். அவர் பார்த்து, நான் கேட்டது இதுதான் என்று முறையாக ஏற்பது ஸ்கோப் வாலிடேஷன். ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் அமைப்பான பி.எம்.ஐ.யின் செயல்முறைக் கையேட்டிலும் முதலாவதிலிருந்து வெளியே வருவதுதான் இரண்டாவதற்குள் போகிறது. 40 மில்லிமீட்டர் என்றால் என்ன என்று உரிமையாளருக்குத் தெரிய வேண்டியதில்லை. அது தெரிந்த ஒருவன் தேறிவிட்டது என்று சொன்ன பிறகே படிவம் அவர் கைக்குப் போக வேண்டும். ஆக, அவர் சொன்ன பிரிவினை அட்சர சுத்தம். படிவத்தை நீட்டிய நேரம்தான் தப்பு. அந்த 23 என்ற எண்ணை அவர் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று யோசிக்கிறேன். பாதிச் சோதனையில் ஒரு எண்ணைச் சொல்வது முறையில்லை, நாலு நாள் பாக்கி என்று சொன்னதே போதும் என்றும் தோன்றுகிறது. போதவில்லை என்பதும் கண்ணால் பார்த்ததுதான்.

கசிவைக் கண்டுபிடித்தது சுலபம். சுவரை இரண்டு கட்டமாக கான்கிரீட் போட்டிருந்தோம், கீழ்க்கட்டம் ஒன்றரை மீட்டர். தண்ணீரை அந்த இணைப்புக்குக் கீழே வரை பம்ப் செய்து 24 மணி நேரம் விட்டோம். மட்டம் அசையவில்லை. அப்படியென்றால் ஓட்டை இணைப்பிலோ அதற்கு மேலோதான். பூச்சை உடைத்தால் ஒரு மூலையில் கையகலத்துக்குக் கான்கிரீட் தேன்கூடு மாதிரி இருந்தது. நிப்பிள் என்ற சின்னக் குழாய்களைப் பதித்து, அது வழியாக சிமென்ட் கரைசலை ஏற்றி அடைத்தோம்.

ஆனால் முதலில் சோதனை, அப்புறம் ஏற்பு என்ற வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டால் அந்த லாரிப் பைப் என்ன ஆகிறது? அவரைச் சோதனை முடிந்த பிறகே கூப்பிட்டிருந்தால் அதுவும் நாலு நாள் தள்ளித்தான் தெரிந்திருக்கும். சுவருக்குக் கம்பி கட்டிய அன்றே ஒருமுறை கூட்டி வந்து காட்டியிருந்தால், கான்கிரீட் போடுவதற்கு முன் பைப் நுழைய ஒரு ஸ்லீவ் வைத்திருப்போம், செலவு ஒன்றுமில்லை. இப்போது தேறிய சுவரில் கோர் கட்டர் வைத்துத் துளைக்க வேண்டும், அந்தத் துளையைச் சுற்றி மறுபடி கசிவு பயம். என் செக்லிஸ்ட் எத்தனை பக்கம் நீண்டாலும் லாரி எங்கே நிற்கும் என்று அது கேட்காது, வரைபடத்தில் இல்லாததை அது பார்க்காது. சோதனைக்குப் பின் ஏற்பு என்று மேனேஜரிடம் சண்டை போட்டவன் நான். அதே நான்தான் அவரை முன்னாலேயே கூப்பிட்டிருக்க வேண்டும் என்கிறேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி ஏற்பு என்று வைத்தால் இரண்டும் பொருந்தும். ஆனால் எந்த உரிமையாளர் கம்பி கட்டும்போது வந்து கையெழுத்துப் போடுகிறார்?

மறுசோதனையில் மொத்தம் 11. புதுப் படிவத்தை, இந்த முறை ரிப்போர்ட்டோடு சேர்த்து, நானே கொண்டுபோனேன். அவர் சம்ப் பக்கமே வரவில்லை. "எவ்வளவு இறங்குச்சு?" என்றார். "பதினொண்ணு சார்." போட்டுவிட்டார். பைப் இன்னும் வைத்திருக்கவில்லை, அதற்கு யார் காசு கொடுப்பது என்ற பேச்சே முடியவில்லை, அதைப் பற்றி இந்தப் படிவத்தில் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.