லொடலொட வண்டி: ஒரு படக்கதையின் நாட்குறிப்பு

ஏப்ரல் 27, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

தின்று முடித்த பனங்காயில் பிள்ளைகள் செய்து தள்ளுகிற நுங்கு வண்டியைப் பற்றி ஒரு படக்கதை எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் லீவு. வாசலில் காலையிலிருந்து நுங்கு வண்டிதான் ஓடுகிறது, கதையைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. மூன்று நான்கு வயசுப் பிள்ளைகளுக்கு மடியில் வைத்துப் படித்துக் காட்டுகிற புத்தகம். பக்கத்துக்கு ஆறு சொல்லுக்கு மேல் போகக் கூடாது.

முதலில் வந்தது இது:

நுங்கு வண்டி ஓடியது
தெருவைத் தாண்டி ஓடியது
மேட்டில் ஏறி ஆடியது
பள்ளம் கண்டு பாடியது

எழுதி முடித்தபோது நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் சத்தமாகப் படித்தால் மூன்றாவது வரியிலேயே எனக்குக் கொட்டாவி. பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள்.

ஏப்ரல் 28

நேற்றைய நான்கு வரிகளில் என்ன கோளாறு என்று சமைக்கும்போது யோசித்தேன். தமிழில் வரி முடிவில் ஓசை ஒன்றிப்போவது இலவசமாகக் கிடைப்பது. வினைச்சொல்லைக் கடைசியில் வைத்தாலே ஓடியது, ஆடியது, பாடியது என்று தானாக இயைபு விழும். நாள் முழுக்கப் பேசும்போது காதில் விழுகிற ‘து’தானே இது. பிள்ளைக்கு இதில் புதிதாக என்ன கேட்கப் போகிறது? நம் காது வரியின் முனையில் நிற்பதில்லை, தொடக்கத்தில் நிற்கிறது. பழமொழியைப் பாருங்கள்: ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று சொல்லும்போது ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் வருகிற ககரம்தான் ஒலிக்கிறது.

வினை வேண்டாம் என்று முடிவு செய்தேன். ‘ஓடிக்கொண்டிருந்தது’ என்று ஒரே ஒரு சொல் போட்டாலும் சொல் கணக்கில் அது ஒன்றுதான், ஆனால் பிள்ளையின் வாய்க்கு அது ஒரு ஃபர்லாங். தமிழில் சொல்லை எண்ணிப் பிரயோஜனமில்லை, எழுத்தை எண்ண வேண்டும். வண்டி ஓடுவது படத்தில் தெரியும். எனக்கு வேண்டியது சாமான்களின் பெயரும் சத்தமும் மட்டும்.

சாமான் கணக்கு: தின்று முடித்த பனங்காய் இரண்டு சக்கரம். இரண்டையும் கோக்க நடுவில் ஒரு குச்சி. தள்ளுவதற்கு ஒரு கவட்டை.

காய் இரண்டு.
குச்சி ஒன்று.
கவட்டை ஒன்று.

இது பரவாயில்லை. ஆனால் நடுவில் ஏதோ இடறுகிறது.

ஏப்ரல் 30

ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் ஒருவர் எங்கள் தெருக்கோடியில் இருக்கிறார். தாளைக் காட்டினேன். கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை.

“காய்க்குக் குச்சி மோனை ஆகாது அம்மிணி. கம்பு போடு.”

“க-வும் கு-வும் ஒரே எழுத்துத்தானுங்களே ஐயா?”

“மெய் ஒண்ணு, உயிர் வேற. அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம். உ, ஊ, ஒ, ஓ வேற கூட்டம். கூட்டம் மாறினா மோனை இல்லை.”

காய், கம்பு, கவட்டை. சொல்லிப் பார்த்தேன். இடறல் போய்விட்டது. வாய் ஒரே அளவு திறக்கிறது, மூன்று முறையும். இந்த விதியை நான் பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்திருக்கிறேன். அது வாயைப் பற்றிய விதி என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் ஐயாவின் விதி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளவில்லை. சகரத்துக்குத் தகரமும், மகரத்துக்கு வகரமும் மோனையாக வரலாம் என்றும் இலக்கணம் சலுகை தருகிறது. ‘மண், வண்டி’ என்று சொல்லிப் பிள்ளைகளைக் கவனித்தேன். யாருக்கும் அது ஒரே சத்தமாகக் கேட்கவில்லை. நான்கு வயசுக்கு அதே எழுத்து வேண்டும், சலுகை செல்லாது.

மே 2

சத்தம். நான் ‘கடகட’ என்று போட்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன், ஆறு வயசு, வண்டியை நிறுத்திவிட்டுத் திருத்தினான்.

“கடகடன்னு மாட்டு வண்டிதான் போகும் அத்தை. இது லொடலொடன்னுதான் போகும்.”

தள்ளிக் காட்டினான். அவன் சொன்னதுதான் சரி. காய்க்குள் குழி மூன்று, கம்பு நுழைந்த ஓட்டை கொஞ்சம் பெரிசு. காய் ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பின் மேல் ஆடி ஆடி விழுகிறது. தளர்வாக இருக்கிற சாமானுக்குத்தான் லொடலொட. கெட்டியாக உருள்வதற்குக் கடகட. நான் சத்தத்தை எழுதாமல், ‘வண்டி’ என்ற சொல்லுக்கு வழக்கமாக ஒட்டி வருகிற சத்தத்தை எழுதியிருக்கிறேன்.

ஐயாவிடம் சொன்னால் முகம் சுளிப்பார். லகரம் சொல்லுக்கு முதலில் வராது. டகரமும் வராது. ஆனால் லொடலொட, டமார், டொக் என்று பிள்ளைகளுக்குப் பிடித்த சத்தம் பாதியும் அந்த வராத எழுத்துகளில்தான் தொடங்குகிறது.

மே 5

நாலு ஏ4 தாளை ஒன்றாக அடுக்கி, நடுவில் மடித்து, மடிப்பில் இரண்டு பின் அடித்தேன். 16 பக்கம். முதல் பக்கம் தலைப்பு. 2-3 தொடங்கி 14-15 வரை எதிரெதிர்ப் பக்கங்கள் ஏழு ஜோடி. 16 தனியாக, கடைசியில். தாள் திரும்புவது எப்போதும் ஒற்றைப்படைப் பக்கத்துக்கு அப்புறம்தான், அதனால் ஆவலைத் தூண்டுகிற எதுவும் வலப்பக்கத்தில் கீழே நிற்க வேண்டும். நீளமான தாளில் எழுதிப் பார்த்தால் இது தெரியாது. மடித்த பிறகுதான் தெரியும்.

2-3: காய் இரண்டு. கம்பு ஒன்று. கவட்டை ஒன்று.
4-5: மண் மேலே லொடலொட.
6-7: மேட்டு மேலே லொட லொட.
8-9: பள்ளம்! லொடலொடலொடலொட
10-11: கல்! டொக்.
12-13: காய் ஒன்று. கம்பு ஒன்று. கவட்டை ஒன்று.

ஒரு காய் கழன்று ஓடிவிட்டது. அது எங்கே என்று எழுத்து சொல்லாது. பொள்ளாச்சியில் படம் போடுகிற தம்பி, 13-ன் ஓரத்தில் ஒரு வாலை மட்டும் வரைகிறேன் அக்கா என்றான். 14-15-இல் கன்றுக்குட்டி அதைக் கடித்துக்கொண்டிருக்கும். நுங்கு தின்ற மிச்சத்தை இங்கே மாட்டுக்குத்தானே போடுகிறோம்.

மே 8

மேட்டுப் பக்கத்தை ஐயா பிடித்துக்கொண்டார். லொடலொட இரட்டைக்கிளவி, சேர்த்துத்தான் எழுத வேண்டும், நான் எப்படி இடைவெளி விட்டேன்? ‘இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா.’ தொல்காப்பியம். “‘ஓடு ஓடு’ அடுக்குத்தொடர். அதைப் பிரி, ஓடுங்கிற சொல்லுக்கு அர்த்தம் இருக்கு. ‘லொட’ன்னு ஒத்தையில ஒரு சொல்லு இருக்கா?”

இல்லைதான். ஆனால் மேட்டில் வண்டி திணறுகிறதே, சேர்த்து எழுதினால் மண்ணில் ஓடின வேகத்திலேயே அல்லவா வாய் ஓடிவிடும்?

ராத்திரி வேறு ஒன்று தோன்றியது. ஒற்றை ‘லொட’வுக்கு அர்த்தமில்லை என்றால், அதை ஒற்றையாக விட்டால் என்ன ஆகும்?

மே 9

இரண்டாவது ‘லொட’வை ஒயிட்னரால் அழித்தேன். 7-ஆம் பக்கம் வலது கீழ் மூலையில், தாளைத் திருப்ப விரல் வைக்கிற இடத்தில், ‘லொட…’ என்று மட்டும்.

திண்ணையில் ஐந்து பேர். மண் மேலே லொடலொட. எல்லாரும் கேட்டார்கள். மேட்டு மேலே லொட… என்று நிறுத்தி, தாளின் மூலையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஒரு நொடி. சின்னவள் “லொட!” என்றாள், நான் எதையோ மறந்துவிட்ட மாதிரி. இரண்டாவது முறை படிக்கும்போது ஐந்து பேரும் சொன்னார்கள். மூன்றாவது முறை நான் நிறுத்துவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். அது கொஞ்சம் கெடுதல்தான், திணறல் போய்விட்டது. படிக்கிறவர் முதல் ‘லொட’வை இழுத்துச் சொல்ல வேண்டும்.

‘ஓடு…’ என்று விட்டும் சோதித்தேன். யாரும் முடிக்கவில்லை. “ஓடட்டா அத்தை?” என்று ஒருத்தன் எழுந்தான். ஓடு தனியாகவே முழுச்சொல், அதில் பாக்கி எதுவும் இல்லை. பாதி இரட்டைக்கிளவிதான் வாயில் கடன் வைக்கிறது. ஐயாவின் விதியை மீறினேன் என்று நினைத்தேன். அந்த விதி இல்லாவிட்டால் இந்தப் பக்கமே வேலை செய்யாது.

மே 13

கடைசிப் பக்கத்துக்கு ‘கன்று ஒன்று’ என்று வைத்திருந்தேன். காய், கம்பு, கவட்டை என்று எண்ணிக்கொண்டே வந்தவர்களுக்கு நாலாவதாக ஒரு ககரம், அதுவும் உயிருள்ளது.

பயம் எழுத்துவழக்கு பற்றித்தான். அச்சில் ‘கன்று’ இருக்கும், வீட்டில் அம்முச்சி படித்தால் ‘கன்னு’ என்பார். முன்பொரு வரியில் ‘காற்று’க்கு ஜோடியாகப் ‘பார்த்து’ போட்டுக் கெட்டிருக்கிறேன்: பேச்சில் காத்து, பாத்து என்று ஒட்டும், அச்சில் பார்த்துப் படித்தால் ஒட்டாது. ஜோடி இரண்டும் சேர்ந்து மாற வேண்டும். கன்று, ஒன்று: அச்சில் ‘ன்று’. கன்னு, ஒண்ணு: பேச்சில் எழுத்து வேறானாலும் பிள்ளையின் காதுக்கு ஒன்றே.

இங்கே மூன்றாவது வாசிப்பும் உண்டு. சித்தூர் பக்கம் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை ஒருத்தி, வீட்டில் தமிழ், நான் படித்ததைத் திருப்பிச் சொன்னாள்: “கன்னு ஒன்னு.” மலையாளத்திலும் ஒன்று ‘ஒன்னு’தான், மாடு ‘கன்னு’தான், பாலக்காட்டில் கன்னுபூட்டு என்கிற மாட்டுப் பந்தயம் பார்க்காதவர் யார்? அவளுக்கு அது கன்றா, காளையா என்று கேட்டேன். படத்தைக் காட்டி, “குட்டி” என்றாள். சரி, அந்தச் சந்தேகத்தைப் படம் தீர்த்துக்கொள்ளும்.

மே 16

ஐயாவிடம் முழுப் பிரதியைக் கொடுத்தேன். மொத்தம் 26 சொல், தலைப்பைச் சேர்க்காமல். மெதுவாகப் புரட்டினார். 7-ஆம் பக்கத்தில் விரல் நின்றது. உதட்டுக்குள் ‘லொட’ என்றார். அப்புறம் தாளைத் திருப்புவதற்கு முன் இன்னொரு ‘லொட’. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கன்று கடிக்கிற ‘கறுக் மொறுக்’ மட்டும் ஒப்பவில்லை. மொறுமொறு முறுக்குக்குத்தான், நார் நிறைந்த பனங்காய்க்கு இல்லை என்கிறார். நாளைக் காலையில் மாட்டுக்கு நுங்குக் காய் போடும்போது கொட்டிலில் நின்று கேட்கலாம் என்றிருக்கிறேன்.